டீம் லீடிடம் சொல்ல வேண்டிய 21 நாள் கணக்கு

1999-ல் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க்குக்குப் பெருங்குடல் புற்றுநோய் இருப்பது தெரிந்தபோது, அதே நீதிமன்றத்தின் மூத்த நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானர் அவருக்கு ஒரு யோசனை சொன்னார். ஓ'கானர் 1988-ல் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டவர். கீமோவை வெள்ளிக்கிழமை வைத்துக்கொண்டால் சனி, ஞாயிறு படுத்து எழுந்து திங்கட்கிழமை வேலைக்கு வந்துவிடலாம் என்பதுதான் அந்த யோசனை. வழக்குகளில் வாதம் கேட்கும் அமர்வு ஒன்றைக்கூட கின்ஸ்பர்க் அப்போது தவறவிடவில்லை.

சிகிச்சையை வேலை நாள்காட்டியின் மேல் வைத்துப் பார்த்தார்கள் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. 'வெள்ளிக்கிழமை' என்பதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. கீமோவில் எல்லா மருந்தும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. சில மருந்துகளில் ஏற்றிய அன்றும் மறுநாளும் ஆள் தெம்பாகவே இருப்பார்; மூன்றாம் நாள்தான் விழுவார். அந்த மருந்தை வெள்ளிக்கிழமை ஏற்றினால் ஞாயிறு, திங்கள், செவ்வாய்தான் மோசமான நாட்களாக இருக்கும். அதனால் அலுவலகத்தில் பேசப் போகும் முன், தனக்குக் கொடுக்கப்போகும் மருந்து எந்த நாளில் என்ன செய்யும் என்று தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் கணக்கு கையில் இருந்தால் டீம் லீடிடம் பேசுவது அவ்வளவு கடினமில்லை. அது இல்லாமல் போனால், பேச்சு அனுதாபத்தோடு முடிந்துவிடும். வேலையைப் பற்றி எதுவும் முடிவாகியிருக்காது.

மார்பகப் புற்றுநோய்க்குப் பல மருத்துவமனைகளில் கொடுக்கப்படும் ஒரு சிகிச்சை முறையை எடுத்துக்கொள்வோம். முதலில் டாக்ஸோரூபிசின், சைக்ளோபாஸ்பமைடு என்ற இரண்டு மருந்துகளையும் சேர்த்து மூன்று வாரத்துக்கு ஒருமுறை, நான்கு தடவை ஏற்றுவார்கள். அதன் பிறகு பேக்ளிடாக்ஸெல் என்ற மருந்து வாரம் ஒருமுறை, 12 வாரம். மொத்தம் 24 வாரம். நோயாளிகள் பேச்சில் ஒவ்வொரு தடவைக்கும் 'சைக்கிள்' என்று பெயர்.

சிகிச்சை எடுத்துக்கொள்பவராக ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வங்கிச் செயலி ஒன்றைச் சோதிக்கும் ஆறு பேர் கொண்ட குழுவில் அவர் மூத்த டெஸ்டர். நவம்பர் கடைசியில் அறுவைச் சிகிச்சை முடிந்தது. அலுவலகத்தில் 'ஒரு ஆபரேஷன்' என்று மட்டும் சொல்லி விடுப்பு எடுத்திருந்தார். முதல் கீமோ ஜனவரி 7, புதன்கிழமை என்று தேதி குறித்தாகிவிட்டது.

மூன்று வாரம், மூன்று விதமான ஆள்

ஒரு சைக்கிளின் 21 நாளை மூன்று துண்டாகப் பிரிக்கலாம்.

முதல் துண்டு, ஒன்றிலிருந்து ஐந்தாம் நாள் வரை. மருந்து ஏற்ற இரண்டு மூன்று மணி நேரம் போதும். ஆனால் டாக்டரைப் பார்ப்பது, ரிப்போர்ட்டுக்குக் காத்திருப்பது, டே கேர் வார்டில் படுக்கை கிடைப்பது எல்லாம் சேர்ந்து முழு நாளையும் விழுங்கிவிடும். வாந்தி வராமல் இருக்க ஸ்டீராய்டு மருந்தும் கொடுப்பார்கள். அதனால் அன்று இரவு தூக்கம் வராது. மறுநாள்கூட ஒரு செயற்கையான சுறுசுறுப்பு இருக்கும். 'பரவாயில்லையே, வேலைக்கே வந்துவிடலாம் போலிருக்கிறதே' என்று தோன்றும். ஸ்டீராய்டு நின்றதும் மூன்றாம் நாள் உடம்பு தளர்ந்துவிடும். குமட்டல், மலச்சிக்கல், வாயில் ருசியின்மை, எழுந்து நடக்கவே அலுப்பு. புதன்கிழமை ஏற்றினால் இந்தத் தளர்ச்சி வெள்ளி, சனி, ஞாயிறில் வரும். எனவே இவருக்குப் புதன் நல்ல தேர்வு. தேதியை முடிவு செய்வது மருத்துவமனைதான் என்றாலும், எந்தக் கிழமை வசதி என்று முதல் சைக்கிளுக்கு முன்பே டாக்டரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

இரண்டாம் துண்டு, ஆறிலிருந்து பதினான்காம் நாள் வரை. அலுவலகத்தில் பெரும்பாலும் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் நாட்கள் இவை. குமட்டல் குறைந்திருக்கும், சாப்பாடு இறங்கும், முகம் தெளிந்திருக்கும். ஆனால் கிருமிகளோடு போராடும் வெள்ளையணுக்கள் இந்த நாட்களில்தான் குறைந்துகொண்டே போகும். இந்த மருந்துகளில் அவை அடிமட்டத்தைத் தொடுவது ஏறக்குறைய பத்திலிருந்து பதினான்காம் நாளுக்குள். வெள்ளையணுவைக் கூட்டும் ஊசி போட்டாலும் ஆபத்து குறையுமே தவிர, அடியோடு போய்விடாது. பார்க்க நன்றாக இருக்கும் இந்த நாட்களில்தான் மூடிய ஏசி அறை, கூட்டமான மின்சார ரயில், இருமலோடு பக்கத்தில் உட்காரும் சக ஊழியர் என எல்லாவற்றையும் தவிர்க்க வேண்டியிருக்கிறது. 'நல்லாத்தானே இருக்காங்க, ஏன் ஆபீஸ் வரலை?' என்ற கேள்வி எழுவதும் இந்த நாட்களில்தான். டீம் லீடுக்கு வேறு எது புரியாவிட்டாலும் இது ஒன்று புரிந்தாக வேண்டும்.

மூன்றாம் துண்டு, பதினைந்திலிருந்து இருபத்தொன்றாம் நாள் வரை. கவுண்ட் ஏறிவிடும், தெம்பும் ஓரளவு திரும்பும். மூன்று வாரத்தில் முழு ஆளாக இருப்பது இந்த ஒரு வாரம்தான். டாக்டர் சம்மதித்தால் அலுவலகம் போய்வரலாம்.

இப்போது எண்ணிப் பார்த்தால், 21 நாளில் வேலை நாள் 15. புதன், வியாழன், வெள்ளி என மூன்று நாள் விடுப்பு. அடுத்த ஏழு வேலை நாள் வீட்டிலிருந்து, பாதி நேரம். கடைசி ஐந்து நாள் முழு வேலை. ஏழில் பாதி மூன்றரை, அதோடு ஐந்து. ஆக எட்டரை நாள். பதினைந்துக்கு எட்டரை என்பது பாதிக்குக் கொஞ்சம் மேல். டீம் லீடிடம் 'பாதி ஆள்' என்று சொல்லிவிடுவது நல்லது. மூன்றாவது, நான்காவது சைக்கிள்களில் அலுப்பு சேர்ந்துகொண்டே போகும் என்பதால், அந்த மிச்சம் தானாகவே கரைந்துவிடும்.

சொல்லும் நாள், சொல்லும் அளவு

எப்போது சொல்வது? நோய் தெரிந்த அன்றே ஓடிப்போய்ச் சொல்ல வேண்டியதில்லை. அப்போது கையில் தேதியோ மருந்தோ இருக்காது. லீட் என்ன கேட்டாலும் 'தெரியாது' என்றுதான் பதில் வரும். முதல் கீமோவுக்கு முந்தின நாள் சொன்னால் வேலையை ஒப்படைக்க நேரமிருக்காது. சிகிச்சை முறையும் முதல் தேதியும் உறுதியானதும், குறைந்தது இரண்டு வாரம் இருக்கும்போது சொல்வது வசதி. அந்த இரண்டு வாரத்திலும் இதயத்துக்கு எக்கோ பரிசோதனை, மருந்து ஏற்ற 'போர்ட்' பொருத்துவது என்று மருத்துவமனைக்கு அலைச்சல் இருக்கும். ஆகவே நமது டெஸ்டர் மூன்று வாரம் முன்னதாக, டிசம்பர் 15, திங்கட்கிழமை பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

தாமதிக்கக் கூடாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்த மருந்துகளில் தலைமுடி உதிரத் தொடங்குவது பெரும்பாலும் முதல் டோஸுக்குப் பிறகு இரண்டு, மூன்று வாரத்தில். அதாவது ஜனவரி 21 முதல் 28 வரை. இவர் அலுவலகம் வரக்கூடிய முதல் வாரமும் அதுதான். அதற்குள் குழுவுக்குத் தெரிந்திருக்காவிட்டால், அவர் வாய் திறந்து சொல்வதற்கு முன் மேசையில் விழும் முடி சொல்லிவிடும்.

எவ்வளவு சொல்வது? வேலையைத் தொடும் விஷயங்கள் போதும்: கீமோ என்பது, எத்தனை மாதம், எந்தெந்த நாள் இருக்க முடியாது, எந்த நாட்களில் கூட்டத்துக்கு வரக் கூடாது, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது. நோய் எந்தக் கட்டம், அறுவைச் சிகிச்சையில் என்ன எடுத்தார்கள், குணமாக எவ்வளவு வாய்ப்பு என்பதெல்லாம் லீடுக்குத் தேவையில்லை. நிறுவனத்தின் குழுக் காப்பீட்டில் கீமோவுக்கு முன் அனுமதி கேட்கும்போது மருத்துவ விவரம் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போகும். அது தனிப் பாதை. லீட் அதில் வரத் தேவையில்லை.

குழுவின் மற்றவர்களுக்கு யார், என்ன சொல்வது என்பதையும் அன்றே பேசி முடித்துவிட வேண்டும். 'அவருக்கு ஜூன் வரைக்கும் ஒரு சிகிச்சை நடக்குது, மூணு வாரத்துக்கு ஒரு தடவை சில நாள் இருக்க மாட்டாங்க' என்று லீட் சொல்லலாம். அல்லது அவரே நேரடியாக நோயின் பெயரைச் சொல்லலாம். எதுவானாலும் வாசகத்தை அவர்தான் தர வேண்டும். இல்லாவிட்டால் கேன்டீனில் ஆளுக்கொரு கதை உலாவும்.

அந்த அரை மணி நேரம்

தனி அறையில், நேரில் பேசுவதே நல்லது. கையில் ஒரு தாள் இருக்கட்டும்.

"எனக்கு மார்பகப் புற்றுநோய். ஆபரேஷன் முடிஞ்சுது. ஜனவரி 7-லேர்ந்து கீமோ ஆரம்பிக்குது, ஜூன் வரைக்கும் போகும். அதுல வேலையை எப்படிப் பிரிச்சுக்கலாம்னு யோசிச்சு எழுதிட்டு வந்திருக்கேன். பத்து நிமிஷம் அதைப் பார்க்கலாமா?"

லீட் நல்ல மனிதர் என்றே வைத்துக்கொள்வோம். அவர் வாயிலிருந்து வரும் முதல் பதில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "ஐயோ, என்னங்க இது! நீங்க வேலையைப் பத்திக் கவலையே படாதீங்க. எல்லாத்தையும் நாங்க பார்த்துக்கிறோம். முதல்ல உடம்பைப் பாருங்க."

மனதார வரும் வார்த்தைதான். ஆனால் இதை அப்படியே ஏற்றுக்கொண்டு எழுந்து வந்துவிட்டால் இரண்டில் ஒன்று நடக்கும். எதுவுமே மாறாமல், ஜனவரி 9-ஆம் தேதி வெள்ளிக்கிழமை அவர் படுக்கையில் இருக்கும்போது 'ஒரே ஒரு சந்தேகம்' என்று போன் வரும். அல்லது எல்லா வேலையும் கையைவிட்டுப் போய்விடும். ஆறு மாதம் கழித்து மதிப்பீடு வரும்போது காட்ட எதுவும் இருக்காது. இரண்டுமே கெட்ட எண்ணத்தால் நடப்பவை அல்ல. யாரும் தெளிவாகப் பேசாததால் நடப்பவை.

"ரொம்ப நன்றிங்க. உடம்பைத்தான் பார்க்கப் போறேன். ஆனா எல்லாத்தையும் விட்டுட முடியாது, விடவும் விருப்பமில்லை. எதை முழுசா கொடுத்துடணும், எதை நானே வச்சுக்கலாம்னு ரெண்டு பேரும் சேர்ந்து முடிவு பண்ணிட்டா, நடுவுல யாரும் தவிக்க வேண்டாம்."

இப்படிச் சொன்னபின் தாளை அவர் பக்கம் நகர்த்தலாம்.

எதைக் கொடுப்பது, எதை வைத்துக்கொள்வது

வேலையைப் பிரிக்கும்போது பலரும் செய்யும் தவறு, ஒவ்வொரு வேலையிலும் பாதியைக் கொடுப்பது. 'நான் முடிஞ்சப்ப செய்றேன், முடியாதப்ப நீங்க பாருங்க' என்று ஏற்பாடு செய்தால், எடுத்துக்கொள்பவருக்குத் தன் வேலை எது என்றே தெரியாது. அவர் கடைசி நிமிடம் வரை காத்திருப்பார். நோயாளியோ காய்ச்சலோடு குற்றவுணர்ச்சியிலும் வேகுவார். எந்த வேலையைப் பார்த்தாலும் ஒரே கேள்வி கேட்டால் போதும்: நான் சொல்லாமல் கொள்ளாமல் மூன்று நாள் காணாமல் போனால் இந்த வேலை என்ன ஆகும்? கெட்டுவிடும் என்றால் முழுதாகக் கொடுத்துவிட வேண்டும். தாங்கும் என்றால் வைத்துக்கொள்ளலாம்.

நமது டெஸ்டரிடம் ஐந்து வேலைகள் இருக்கின்றன. முதலாவது, ரிலீஸ் இரவு. ஒவ்வொரு மாதமும் கடைசி வியாழக்கிழமை இரவு புதிய பதிப்பு வெளியாகும்போது, பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை இருந்து சரிபார்ப்பது. ஜனவரி 29 இரண்டாம் சைக்கிளின் இரண்டாம் நாள், முடியாது. பிப்ரவரி 26 மூன்றாம் சைக்கிளின் ஒன்பதாம் நாள். அலுவலகம் வரக் கூடாது. மார்ச் 26 நான்காம் சைக்கிளின் பதினாறாம் நாள், கணக்குப்படி வரலாம். இங்கேதான் ஆசை வரும், 'மார்ச்சை மட்டும் நான் பார்த்துக்கறேன்' என்று. ஆனால் மூன்று நாள் கேள்வியைக் கேட்டால் பதில் தெளிவு. ரிலீஸ் இரவை ஜூன் வரை முழுதாக இன்னொருவரிடம் கொடுத்துவிடுகிறார்.

இரண்டாவது, தினமும் மாலை ஆறரைக்கு வாடிக்கையாளரோடு நடக்கும் அழைப்பு. இதுவும் தவறினால் பெயர் கெடும். இதை இரண்டு பேர் மாறிமாறி எடுத்துக்கொள்கிறார்கள். மூன்றாம் வாரத்தில் இவர் கலந்துகொண்டு கேட்பார். ஆனால் நடத்துவது இவர் பொறுப்பல்ல.

மூன்றாவது, தானியங்கிச் சோதனை ஸ்கிரிப்டுகளைப் பராமரிப்பது. சிறு சிறு துண்டான வேலை, இரண்டு நாள் தள்ளிப்போனால் ஒன்றும் ஆகாது, வீட்டிலிருந்தே செய்யலாம். இதை இவரே வைத்துக்கொள்கிறார். நான்காவதாக, டெஸ்ட் கேஸ்களை எழுதுவதும் சரிபார்ப்பதும். எழுதுவதைத் தொடர்கிறார். அதோடு, ரிலீஸ் இரவை எடுத்துக்கொள்பவரின் சரிபார்ப்பு வேலையையும் தான் வாங்கிக்கொள்கிறார். இந்த மாற்று மிகவும் முக்கியம். கொடுப்பதை மட்டும் பட்டியல் போட்டுப் போனால், மீதி ஐந்து பேர் தலையில் சுமை ஏறும். எதை எடுத்துக்கொள்கிறேன் என்றும் சேர்த்துச் சொன்னால், அது ஒழுங்கான பங்கீடாக இருக்கும். ரிலீஸ் இரவு பார்ப்பவருக்கு மறுநாள் ஈட்டு விடுப்பு தர வேண்டும் என்பதையும் அதே தாளில் லீடிடம் கேட்டு எழுதிக்கொள்ளலாம்.

ஐந்தாவதுதான் சிக்கலானது. யுபிஐ பணம் தீர்வாகும் கோப்புகளுக்கான சோதனைத் தரவைத் தயாரிக்க இந்தக் குழுவில் இவர் ஒருவருக்குத்தான் தெரியும். எங்கும் எழுதிவைக்கவில்லை. 'போன்ல கேட்டுக்கலாம்' என்று விடுவது இந்த மாதிரி வேலையைத்தான். கீமோ தொடங்குமுன் இதைச் சொல்லிக்கொடுத்தே ஆக வேண்டும். சொல்லிக்கொடுக்கும்போது இவர் செய்துகாட்டி மற்றவர் பார்த்தால் பாதிதான் மனதில் நிற்கும். இரண்டு மணி நேரம் ஒதுக்கி, கற்பவர் தன் கையாலேயே முதலிலிருந்து கடைசிவரை செய்ய, இவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அந்த இடத்தை மட்டும் எழுதிவைத்தால், அதுவே வழிகாட்டிக் குறிப்பு. அதோடு, கற்பவருக்கு அந்தச் சர்வரில் நுழைய அனுமதி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வங்கி சம்பந்தப்பட்ட வேலையில் அனுமதி கிடைக்கச் சில நாட்கள் ஆகும். அந்த அவசரத்தில் தன் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டுப் போவது விதிமீறல். ஏதாவது தவறு நடந்தால் பழி, படுக்கையில் இருப்பவர் மேல் வந்து விழும். டிசம்பர் 15-லேயே விண்ணப்பித்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

பேசி முடித்த அன்று மாலையே ஒரு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். நீளமாக வேண்டாம். அதன் சாரம் இப்படி இருக்கலாம்:

"இன்று பேசியபடி எழுதுகிறேன். ஜனவரி 7, ஜனவரி 28 ஆகிய தேதிகள் இப்போதைக்கு உறுதி. பிப்ரவரி 18, மார்ச் 11 உத்தேசம். ரத்தப் பரிசோதனையைப் பொறுத்து ஒரு வாரம் தள்ளலாம். ஒவ்வொரு சைக்கிளிலும் முதல் மூன்று வேலை நாள் விடுப்பு. அந்த நாட்களில் போன், மெயில் பார்க்க மாட்டேன். அதன்பின் ஏழு வேலை நாள் வீட்டிலிருந்து, காலை 10 முதல் 2 வரை. கடைசி ஐந்து நாள் முழு வேலை, முடிந்தால் அலுவலகத்தில். ரிலீஸ் இரவும் மாலை அழைப்பும் ஜூன் வரை என் பொறுப்பில் இல்லை. காய்ச்சல் வந்தால் உடனே மருத்துவமனை போக வேண்டியிருக்கும். அப்போது என் கணவர் உங்களுக்கு ஒரு செய்தி மட்டும் அனுப்புவார். பிப்ரவரி முதல் வாரம் இந்த ஏற்பாட்டை மறுபடி பார்ப்போம்."

திட்டம் எங்கே ஆட்டம் காணும்

ஒவ்வொரு டோஸுக்கும் முந்தின நாளோ அன்று காலையோ ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். கவுண்ட் போதாவிட்டால் அன்று மருந்து இல்லை. பெரும்பாலும் ஒரு வாரம் தள்ளிப்போகும். இது அபூர்வமல்ல, நோயாளியின் தவறுமல்ல. ஆனால் ஒரு சைக்கிள் தள்ளினால் அதற்குப் பின்னால் உள்ள எல்லாத் தேதியும் தள்ளும்.

மேலே சொன்ன கணக்கிலேயே பார்ப்போம். பிப்ரவரி 17-ஆம் தேதி கவுண்ட் குறைவு என்று வருகிறது. மூன்றாம் சைக்கிள் 18-லிருந்து 25-க்குப் போகிறது. நான்காவது மார்ச் 18. பேக்ளிடாக்ஸெல் ஏப்ரல் 1-க்குப் பதில் ஏப்ரல் 8-ல் தொடங்கி, ஜூன் 17-க்குப் பதில் ஜூன் 24-ல் முடியும். 'வரலாம்' என்று இருந்த மார்ச் 26 இப்போது ஒன்பதாம் நாள். வெள்ளையணு இறங்கிக்கொண்டிருக்கும் நேரம். அந்த ரிலீஸை இவர் வைத்துக்கொண்டிருந்தால் கடைசி நேரத்தில் ஆள் தேட வேண்டியிருந்திருக்கும். முழுதாகக் கொடுத்துவிட்டதால் லீட் செய்ய வேண்டியது, நாள்காட்டியில் இவர் விடுப்பு நாட்களை மாற்றிக் குறிப்பது மட்டுமே. இரண்டு தேதியை மட்டும் உறுதி என்று எழுதி, மற்றதை உத்தேசம் என்று எழுதியதன் பலனும் இதுதான். ஆறு மாதத் தேதியையும் மொத்தமாக எழுதிக்கொடுத்தால், முதல் மாற்றத்திலேயே அந்தத் தாளை யாரும் நம்ப மாட்டார்கள்.

இரண்டாவது, காய்ச்சல். கவுண்ட் குறைந்திருக்கும் நாட்களில் உடல் வெப்பம் 100.4 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டாலே அது அவசரம். பாராசிட்டமால் போட்டுக்கொண்டு காலை வரை பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது; மாத்திரை காய்ச்சலை மறைத்துவிடும். உடனே மருத்துவமனைக்குப் போய் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டியிருக்கும். சில நாள் அட்மிட் ஆகவும் நேரலாம். 'இந்த மெயிலை மட்டும் அனுப்பிட்டுப் போறேன்' என்று அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றக் கூடாது. அதற்காகத்தான் கணவரின் செய்தி என்ற ஏற்பாடு. செய்யும் வேலையை ஒவ்வொரு நாளும் இரண்டு மணிக்கு மூடும் முன், எதுவரை முடிந்தது, அடுத்தது என்ன என்று இரண்டு வரி எழுதிப் பொதுவான இடத்தில் வைத்துவிடுவதும் இதற்காகத்தான். எடுத்துச் செய்பவர் யாரையும் கேட்காமல் தொடரலாம்.

இங்கே உள்ளூர் நாள்காட்டியும் குறுக்கே வரும். ஜனவரி 15 பொங்கல். முதல் சைக்கிளின் ஒன்பதாம் நாள். அலுவலகம் மூடியிருக்கும், வேலைத் தொல்லை இல்லை. ஆனால் வீடு நிறைய உறவினர் வருவார்கள், நலம் விசாரிக்க என்றே சிலர் வருவார்கள். விடுமுறை முடிந்து ஊரிலிருந்து திரும்பும் சக ஊழியர்கள் சளியோடு வரும் நேரமும் அதுதான். அதற்கு அடுத்த வாரம் அலுவலகம் வர வேண்டுமா என்பதை அன்றன்று முடிவு செய்யும் உரிமையை முன்கூட்டியே கேட்டு வாங்கியிருப்பது நல்லது.

மூன்றாவது மாற்றம் ஏப்ரலில் வரும். மருந்து மாறினால் கணக்கும் மாறும். பேக்ளிடாக்ஸெல் வாரம் ஒருமுறை என்பதால், ஒவ்வொரு புதன்கிழமையும் போய்விடும். ஒவ்வாமை வராமல் இருக்கக் கொடுக்கும் மருந்து தூக்கத்தைத் தரும். அன்று மாலை 'சும்மா மீட்டிங்கில் கேட்டுக்கொண்டிருக்கிறேன்' என்பதுகூட நடக்காது. குமட்டல் முன்பைவிடக் குறைவு. ஆனால் வாரங்கள் போகப் போக விரல் நுனி மரத்துப்போகத் தொடங்கலாம். சட்டைப் பொத்தான் போட முடியாமல் தடுமாறுவது, தட்டச்சில் பக்கத்து எழுத்து விழுவது, போன் கையிலிருந்து நழுவுவது இதெல்லாம் அடையாளம். வேலையில் பிழை கூடுகிறது என்று வருத்தப்பட்டுக்கொண்டிருக்காமல் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். அதைப் பார்த்து அவர் மருந்தின் அளவைக் குறைக்கவோ இடைவெளி விடவோ கூடும். அலுவலகத்தில், தட்டச்சு அதிகமுள்ள ஸ்கிரிப்டு வேலையை இன்னொருவரிடம் கொடுத்து, படித்துப் பார்க்கும் சரிபார்ப்பை அதிகமாக எடுத்துக்கொள்ளலாம். சிலருக்கு ஞாபகமும் கவனமும் சற்று மந்தமாகும். அழைப்புகளில் பேசியதை உடனுக்குடன் எழுதிக்கொள்வது அப்போது கை கொடுக்கும்.

விடுப்பும் சட்டமும்

நான்கு சைக்கிளுக்கு மும்மூன்று நாளாக 12, பிறகு 12 புதன்கிழமை. எதுவும் தவறாமல் நடந்தாலே 24 நாள் விடுப்பு தேவை. காய்ச்சல், தள்ளிப்போகும் தேதி என்று இன்னும் ஒரு வாரம் கையில் வைத்துக்கொண்டால் நல்லது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, நோய்க்கென ஆண்டுக்கு 12 நாளும் சாதாரண விடுப்பாக 12 நாளும் தருகிறது; ஓராண்டு பணி முடித்தவருக்குச் சம்பளத்தோடு இன்னொரு 12 நாள் ஆண்டு விடுப்பும் உண்டு. பல நிறுவனங்கள் இதைவிடக் கூடுதலாகத் தருகின்றன. நவம்பர் அறுவைச் சிகிச்சையில் ஏற்கெனவே எவ்வளவு கரைந்தது, புதிய விடுப்பு எந்தத் தேதியில் கணக்கில் ஏறும் என்று ஹெச்ஆரிடம் கேட்டு எழுதிக்கொண்டுதான் லீடிடம் பேசப் போக வேண்டும்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் உள்ளவர்களுக்கு இஎஸ்ஐ இருக்கும். புற்றுநோய் உள்ளிட்ட நீண்டகால நோய்களுக்கு, இரண்டு ஆண்டு தொடர்ந்து காப்பீட்டில் இருந்தவர்களுக்கு, சம்பளத்தில் 80 விழுக்காட்டை இரண்டு ஆண்டு வரை தரும் ஏற்பாடு அதில் உண்டு. அலுவலகத்தில் காவல், துப்புரவுப் பணிகளில் இருப்பவர்களில் பலருக்கு இது தெரிவதில்லை.

பிரிட்டனில் 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம், புற்றுநோய் என்று தெரிந்த நாளிலிருந்தே ஒருவரை மாற்றுத்திறனாளியாகக் கருதுகிறது. பணிநேரத்தையும் வேலையையும் நியாயமான அளவுக்கு மாற்றித் தருவது முதலாளியின் கடமை. இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப் பட்டியலில் உள்ள 21 வகைகளில் புற்றுநோய் இல்லை. எனவே இங்கே வீட்டிலிருந்து வேலை, ரிலீஸ் இரவிலிருந்து விலக்கு என்பதெல்லாம் பெரும்பாலும் லீடும் ஊழியரும் பேசி வைத்துக்கொள்வதுதான். லீட் மாறிப்போனால் வாய்ப்பேச்சு அவரோடு போய்விடும். அந்தச் சின்ன மின்னஞ்சலை ஹெச்ஆருக்கும் ஒரு பிரதி அனுப்பி வைத்தால், புதிதாக வருபவரிடம் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது. ஆண்டு மதிப்பீட்டில் 'பாதி ஆள்' என்ற ஒப்பந்தத்தை வைத்துத்தான் வேலையை அளக்க வேண்டும் என்பதையும் அதிலேயே ஒரு வரியாகச் சேர்த்துவிடலாம்.

பிப்ரவரி முதல் வாரம் என்று குறித்துவைத்த மறுபார்வையைத் தவறவிடக் கூடாது. அதற்குள் இரண்டு சைக்கிள் ஏற்றியாகியிருக்கும். தன் உடம்பு எந்த நாளில் விழுகிறது, எந்த நாளில் எழுகிறது என்று அவருக்கே தெரிந்திருக்கும். ஆறாம் நாளில் நான்கு மணி நேரம் முடியவில்லை என்றால் இரண்டாகக் குறைக்கலாம். பன்னிரண்டாம் நாள் நன்றாக இருக்கிறது என்றால் வீட்டு வேலையைக் கூட்டலாம். மாலை அழைப்பை எடுத்தவர்களுக்குச் சுமை அதிகமா என்று அவர்களையும் கேட்க வேண்டும். இரண்டாவது மறுபார்வை, மருந்து மாறும் ஏப்ரலில்.

ஜூன் இறுதியில் மூன்றாவது பேச்சு ஒன்றுக்கும் இடம் வைத்திருக்க வேண்டும். கீமோ முடிந்த பிறகு பலருக்குக் கதிர்வீச்சு இருக்கும். மார்பகத்துக்கு இப்போது பல இடங்களில் 15 அமர்வு. திங்கள் முதல் வெள்ளி வரை தினமும், மூன்று வாரம். ஒவ்வொரு அமர்வும் சில நிமிடங்களில் முடிந்துவிடும் என்பதால் முழு நாள் விடுப்பு தேவைப்படாது. காலை முதல் நேரத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு, அந்த மூன்று வாரமும் பதினொரு மணிக்கு வேலையைத் தொடங்க லீடிடம் ஒப்புதல் பெற்றால் போதும். ரிலீஸ் இரவுக்குத் திரும்பும் தேதியை அது முடிந்து, அலுப்பு எப்படி இருக்கிறது என்று பார்த்தபின் குறித்துக்கொள்ளலாம்.